ஆன்டிபயாடிக்கும் தயிரும்: வயிற்றுப்போக்குக்கு உண்மையில் எது உதவுகிறது?

மயிலாப்பூர் லஸ் முனையிலோ, தி. நகர் உஸ்மான் சாலையிலோ, அடையாறு சிக்னல் அருகிலோ மாலை நேரத்தில் ஒரு மருந்துக்கடை முன் பத்து நிமிடம் நின்றால் ஒன்றைக் கவனிக்கலாம். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் ஆன்டிபயாடிக் இருந்தால், அதற்குக் கீழே பெரும்பாலும் இன்னொரு வரியும் இருக்கும். அது ஒரு புரோபயாடிக். பொடி பாக்கெட்டாகவோ, காப்ஸ்யூலாகவோ, சின்ன பிளாஸ்டிக் குப்பியில் தண்ணீர் போன்ற மருந்தாகவோ வரும். சீட்டில் இல்லாவிட்டால் கடைக்காரரே எடுத்து வைப்பார். வீட்டுக்கு வந்தால் நன்னிமா வேறொன்று சொல்வார்கள்: "அதெல்லாம் எதுக்கு? ஆன்டிபயாடிக் சூடு, ரெண்டு வேளை தயிர்ச்சோறு கொடு, சரியாயிடும்."

இதில் யார் சொல்வது சரி? கேள்வியைச் சரியாகப் பிரித்துக்கொண்டால் விடையும் தெளிவாகக் கிடைக்கும். நாம் ஒரே கேள்வியாக நினைப்பதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது பேதி வராமல் தடுக்க முடியுமா என்பது ஒன்று. வந்துவிட்ட பேதியை நிறுத்த முடியுமா என்பது இரண்டாவது. கோர்ஸ் முடிந்த பிறகு குடலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் ஆய்வுகள் தரும் விடைகள் ஒன்றல்ல.

ஆன்டிபயாடிக் ஏன் வயிற்றைக் கலக்குகிறது?

நம் பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. செரிக்காமல் வந்து சேரும் மாவுச்சத்தையும் நார்ச்சத்தையும் உடைப்பது அவற்றின் வேலை. கெட்ட கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் காவல் காப்பதும் அவைதான். ஆன்டிபயாடிக்குக்குக் காதில் இருக்கும் கிருமி எது, குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியா எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. குடலின் குடிகள் குறைந்தால் செரிக்காத மாவுச்சத்து தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியே வருகிறது. ஒரு நாளைக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால் அதை ஆன்டிபயாடிக் வயிற்றுப்போக்கு என்கிறோம்.

எல்லா ஆன்டிபயாடிக்கும் ஒரே அளவில் இதைச் செய்வதில்லை. குழந்தைகளுக்குக் காது வலிக்கும் சைனஸுக்கும் அதிகம் எழுதப்படும் அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் இதில் பேர் போனது. அந்த சிரப்பை வெறும் வயிற்றில் கொடுக்காமல், சாப்பாட்டின் தொடக்கத்தில் கொடுத்தாலே வயிற்றுக் கோளாறு ஓரளவு குறையும். செலவில்லாத இந்த வழியை எந்தப் புரோபயாடிக்குக்கும் முன்னால் செய்து பார்க்கலாம்.

முதல் கேள்வி: வராமல் தடுக்க முடியுமா?

மூன்று கேள்விகளில் புரோபயாடிக்குக்குச் சாதகமான விடை கிடைப்பது இதற்குத்தான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, குழந்தைகளிடம் நடந்த 33 ஆய்வுகளை 2019-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. அவற்றில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். ஆன்டிபயாடிக் மட்டும் சாப்பிட்ட 100 குழந்தைகளில் சுமார் 19 பேருக்குப் பேதி வந்தது. கூடவே புரோபயாடிக்கும் எடுத்தவர்களில் சுமார் 8 பேருக்குத்தான் வந்தது. ஆய்வின் நடுவே விலகிப்போன குழந்தைகளையும் கடுமையாகக் கணக்கில் எடுத்தபோது அந்த 8 சுமார் 12 ஆனது. பலன் சுருங்கினாலும் முழுவதும் மறைந்துவிடவில்லை.

ஆனால் இந்தப் பலனுக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. ஆன்டிபயாடிக் தொடங்கும்போதே புரோபயாடிக்கையும் தொடங்க வேண்டும். நாளொன்றுக்குக் குறைந்தது 5 பில்லியன், அதாவது 500 கோடி உயிருள்ள கிருமிகள் உள்ளே போக வேண்டும். மூன்றாவது நிபந்தனை, இனம் சரியாக இருக்க வேண்டும். நல்ல ஆதாரம் இருப்பது இரண்டுக்குத்தான். ஒன்று லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜி.ஜி. என்ற பாக்டீரியா, சுருக்கமாக எல்.ஜி.ஜி. என்பார்கள். மற்றொன்று சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட்.

நம் ஊரில் குப்பியில் விற்பது பெரும்பாலும் பேசில்லஸ் கிளாசி என்ற வேறொரு இனம். அது வித்து வடிவில் இருப்பதால் இரைப்பை அமிலத்தையும் பல ஆன்டிபயாடிக்குகளையும் தாங்கும். ஆனால் அதற்குள்ள ஆதாரம் மேற்சொன்ன இரண்டைவிட மெலிந்தது. எனவே பெட்டியில் புரோபயாடிக் என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. எந்த இனம், எத்தனை பில்லியன் என்று திருப்பிப் பார்க்க வேண்டும்.

பெரியவர்களுக்கும் இதே பலன் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 65 வயதைக் கடந்த சுமார் 2,900 நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு 2013-இல் வெளியானது. புரோபயாடிக் எடுத்தவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும், வெறும் மாவுக் காப்ஸ்யூல் எடுத்தவர்களில் 10.4 சதவீதம் பேருக்கும் பேதி வந்தது. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கேள்வி: வந்துவிட்ட பேதியை நிறுத்துமா?

நம் வீடுகளில் புரோபயாடிக் அதிகம் வாங்கப்படுவது இதற்காகத்தான். ஆதாரம் குறைவாக இருப்பதும் இங்கேதான். அமெரிக்காவில் பத்து குழந்தைகள் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு வயிற்றுப்போக்கோடு வந்த 971 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. பாதிப் பேருக்கு ஐந்து நாள் எல்.ஜி.ஜி., மறு பாதிக்கு அதே தோற்றமுள்ள வெறும் பொடி. இரு பிரிவிலும் பேதி ஏறத்தாழ 50 மணி நேரம் நீடித்துத் தானாக நின்றது. கனடாவில் வேறொரு கலவையை வைத்து அதே ஆண்டு வெளியான ஆய்வும் இதையே சொன்னது. காக்ரேன் அமைப்பு 2020-இல் பழைய ஆய்வுகளையும் புதியவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, இரண்டு நாளுக்கு மேல் நீடிக்கும் பேதியைக் குறைப்பதில் புரோபயாடிக்கால் பெரிய வித்தியாசம் இருக்காது என்ற முடிவுக்கு வந்தது.

"அது அமெரிக்கக் குழந்தைகள், நம் பிள்ளைகளுக்கு வேறாக இருக்கலாமே" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால் வேலூருக்குப் போவோம். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 6 மாதம் முதல் 5 வயது வரையிலான 124 குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். 82 பேருக்கு ரோட்டா வைரஸால் பேதி, 42 பேருக்கு கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியால் பேதி. தினமும் ஒரு முறை எல்.ஜி.ஜி. அல்லது வெறும் பொடி, நான்கு வாரங்களுக்குக் கொடுத்தார்கள். 2014-இல் முடிவு வெளியானது.

ரோட்டா வைரஸ் குழந்தைகளில், எல்.ஜி.ஜி. எடுத்தவர்களில் 25 சதவீதம் பேருக்கு மீண்டும் பேதி வந்தது. எடுக்காதவர்களில் அது 46 சதவீதம். குடல் சுவர் தேறுவதிலும் முன்னேற்றம் தெரிந்தது. நம்பிக்கை தரும் முடிவு இது. ஆனால் ஆய்வு சிறியது. கொடுத்ததோ நான்கு வாரம். இப்போது நடக்கும் பேதியை ஓரிரு நாளில் நிறுத்துவதைப் பற்றியதும் அல்ல அது. நாம் மூன்று நாளைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு நிறுத்தும் பாக்கெட்டுக்கு வேலூர் ஆய்வைச் சாட்சியாக அழைக்க முடியாது.

அப்படியானால் வந்த பேதிக்கு எது உதவும்? உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல்தான். 1971-இல் வங்காளதேச அகதிகள் குவிந்திருந்த போங்கான் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலிப் மகலனாபிஸ் டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோக, டிரம்களில் இந்தக் கரைசலைக் கலந்து கொடுக்க வைத்தார். முகாமில் சுமார் 30 சதவீதமாக இருந்த மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. பேதியில் உயிரைப் பறிப்பது நீரும் உப்பும் வெளியேறுவதுதான். அதை ஈடுசெய்தால் பெரும்பாலான பேதி தானே நின்றுவிடும். குழந்தைகளுக்குக் கூடவே துத்தநாகம், அதாவது ஜிங்க் கொடுக்க வேண்டும். 6 மாதத்துக்கு மேல் நாளொன்றுக்கு 20 மி.கி., அதற்குக் கீழே 10 மி.கி., 14 நாட்கள். பேதி நின்றாலும் 14 நாளும் முடிக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ்., ஜிங்க் இரண்டும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைப்பவை.

மூன்றாவது கேள்வி: கோர்ஸ் முடிந்த பிறகு?

"ஆன்டிபயாடிக் முடிஞ்சது, இனி ஒரு மாதம் புரோபயாடிக் எடுத்துக் குடலைச் சரி பண்ணணும்" என்ற பேச்சு இப்போது பரவலாகக் கேட்கிறது. இதற்கு நல்ல ஆதாரம் இல்லை. எதிர்த் திசையில் ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 21 பேருக்கு ஒரு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டுக் குடலைக் கவனித்தார்கள். ஒன்றும் எடுக்காமல் விட்டவர்களின் குடல் பாக்டீரியா சுமார் மூன்று வாரத்தில் பழைய நிலைக்கு அருகே வந்துவிட்டது. பதினோரு இனங்கள் கலந்த புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு ஐந்து மாதமாகியும் முழுதாகத் திரும்பவில்லை. 2018-இல் வந்த இந்த ஆய்வு மிகச் சிறியது; அதை வைத்துப் புரோபயாடிக் கெடுதல் என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் கோர்ஸ் முடிந்து வயிறும் நன்றாக இருக்கும் ஒருவர் அதற்காகக் காசு செலவழிக்கத் தேவையில்லை என்று சொல்லலாம்.

தயிர் எந்த இடத்தில் வருகிறது?

நன்னிமாவின் தயிர்ச்சோற்றுக்கு வருவோம். தயிரில் உயிருள்ள பாக்டீரியா உண்டு என்பது உண்மை. ஆனால் எந்த இனம், எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு மாறும். நேற்றைய தயிரிலிருந்து எடுத்து ஊற்றிய உறையில் எது இருந்ததோ அதுதான் இன்றைய தயிரில் பெருகும். பாலைச் சித்திரை வெயிலில் உறை வைத்தால் ஒரு மாதிரி, மார்கழியில் வைத்தால் வேறு மாதிரி. இரைப்பை அமிலத்தைத் தாண்டிக் குடல் வரை போய்ச் சேரும் இனங்கள் அதில் இருக்கின்றனவா என்பதும் உறுதியில்லை. ஆன்டிபயாடிக் பேதியைத் தடுக்கச் சாதாரணத் தயிரைச் சோதித்த ஆய்வுகளும் சிலவே. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் தெளிவான பலன் தெரியவில்லை. மோர்க்குழம்பில் கொதித்த தயிரிலும், பிரியாணி மசாலாவில் வெந்த தயிரிலும் உயிருள்ள கிருமி எதுவும் மிஞ்சாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் தயிரை ஒதுக்க வேண்டியதில்லை. பேதியின்போது குடல் சுவர் புண்பட்டு, பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் திறன் சில நாட்களுக்குக் குறையலாம். தயிராகும்போது அந்தச் சர்க்கரையின் ஒரு பகுதியை பாக்டீரியாக்களே தின்றுவிடுகின்றன. அதனால் பால் ஒத்துக்கொள்ளாத வயிற்றுக்கும் தயிர் ஒத்துக்கொள்ளும். சாதத்தில் தயிரைப் பிசைந்து உப்புப் போட்டுக் கொடுத்தால் மாவுச்சத்து, புரதம், உப்பு மூன்றும் சேர்கின்றன. பேதி நேரத்தில் பிள்ளையைப் பட்டினி போடாமல் சாப்பிட வைப்பதுதான் முக்கியம். அந்த வகையில் நன்னிமா சொன்னது நல்ல உணவு. அதை மருந்து என்று எண்ணி ஓ.ஆர்.எஸ்.ஸைத் தள்ளிப்போடுவதுதான் தவறு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு எந்த நிலையிலும் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

தயிர் கெடுதல் செய்யும் ஓர் இடமும் உண்டு. இதைப் பலரும் அறியாமல் இருக்கிறோம். சிறுநீர்த் தொற்றுக்கு அடிக்கடி எழுதப்படும் சிப்ரோஃபிளாக்சசின், முகப்பரு முதல் காய்ச்சல் வரை கொடுக்கப்படும் டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகளைத் தயிரிலும் பாலிலும் உள்ள கால்சியம் பிடித்துக்கொள்ளும். சிப்ரோஃபிளாக்சசினைத் தயிரோடு சேர்த்து விழுங்கியபோது ரத்தத்தில் சேரும் மருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக ஓர் ஆய்வு காட்டியது. மதியம் தயிர்ச்சோறு சாப்பிட்டு அதே கையோடு மாத்திரை போட்டால், நாம் எழுதிய டோஸை நாமே குறைத்துக்கொள்கிறோம். சிப்ரோஃபிளாக்சசினைத் தயிருக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் பின்போ போடுவது பாதுகாப்பானது. அமாக்ஸிசிலினுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஒரு வீட்டில் எப்படிச் செய்யலாம்?

மயிலாப்பூரில் ஐந்து வயதுப் பையன் ஒருவனுக்குக் காது வலி என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் ஏழு நாளுக்கு அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் எழுதியிருக்கிறார். முன்பும் இதே மருந்தில் அவனுக்குப் பேதி வந்திருக்கிறது. இவனுக்கு முதல் நாளே புரோபயாடிக் தொடங்குவது நியாயம். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு எல்.ஜி.ஜி. அல்லது பவுலார்டி, நாளுக்கு 5 பில்லியனுக்குக் குறையாமல். எல்.ஜி.ஜி. பாக்டீரியா என்பதால் ஆன்டிபயாடிக் அதையும் கொல்லும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். பவுலார்டி ஈஸ்ட் என்பதால் அதை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது.

காப்ஸ்யூல் உறை பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. அது எந்த விலங்கிலிருந்து வந்தது என்று நமக்குத் தெரிவதில்லை. அந்தச் சந்தேகம் உள்ளவர்கள் பொடி பாக்கெட்டாகக் கேட்டு வாங்கினால் போதும்; எல்.ஜி.ஜி., பவுலார்டி இரண்டும் அப்படிக் கிடைக்கின்றன. பொடியைச் சூடான பாலிலோ கஞ்சியிலோ கலக்காதீர்கள். ஆறிய தண்ணீரில் கலக்குங்கள்.

மூன்றாம் நாள் அவனுக்கு நான்கு முறை தண்ணீராகப் போகிறது. பிள்ளை விளையாடுகிறான், சாப்பிடுகிறான், சிறுநீர் போகிறான். ஆன்டிபயாடிக்கை நாமாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் ஆறவைத்த தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு முறை போன பிறகும் 100 முதல் 200 மில்லி கொடுக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் 50 முதல் 100 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூனால் மெதுவாகத் தொடர வேண்டும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

இங்கே நடக்கும் பெரிய தவறு, பாக்கெட்டில் கொஞ்சம் எடுத்து ஒரு டம்ளரில் குத்துமதிப்பாகக் கலப்பது. உப்பு கூடினால் அது பிள்ளைக்கு ஆபத்து, குறைந்தால் பயனில்லை. 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் உண்டு, அளவைப் படித்து வாங்குங்கள். பழச்சாறு போல அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். அல்ல. அவற்றில் சர்க்கரை கூடுதல், அது பேதியை அதிகமாக்கும்.

இன்னொரு தவறும் நம் தெருக்களில் சாதாரணம். பேதி என்றதும் கடையில் சொல்லி ஆஃப்லாக்சசின்-ஆர்னிடசோல் மாத்திரை வாங்கிப் போடுவது. சாதாரணப் பேதியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதைத் தொடுவதே இல்லை. குடலைக் கலைத்துப் பேதியை நீட்டிப்பதுதான் மிச்சம்.

ரமலானில் பேதி வந்தால் இஃப்தார் வரை ஓ.ஆர்.எஸ்.ஸைத் தள்ளிப்போட வேண்டாம். நோயாளிக்கு நோன்பில் சலுகை இருக்கிறது. விட்ட நோன்பைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

யாருக்குப் புரோபயாடிக் ஆகாது?

புரோபயாடிக் உயிருள்ள கிருமி. குறைமாதக் குழந்தைகள், கீமோதெரபி எடுப்பவர்கள், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள், கழுத்து அல்லது மார்பு நரம்பில் குழாய் பொருத்தியவர்கள் ஆகியோருக்கு அது ரத்தத்தில் கலந்து தொற்றாக மாறிய நிகழ்வுகள் உண்டு. இவர்களுக்குக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கவே கூடாது.

கீழே உள்ளவை தெரிந்தால் தயிர், பாக்கெட் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்:

- மலத்தில் ரத்தம், அல்லது கடும் வயிற்று வலியோடு அதிகக் காய்ச்சல்
- ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாதது, கண்கள் குழிவிழுவது, அழுதால் கண்ணீர் வராதது
- பிள்ளை துவண்டு, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது
- குடிப்பதெல்லாம் வாந்தியாக வெளியேறுவது

பெரியவர்களுக்கு ஆன்டிபயாடிக் முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட கடும் பேதி வரலாம். கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி காலியான குடலில் பெருகுவது அதற்கு ஒரு காரணம். அதை மலப் பரிசோதனையில்தான் கண்டுபிடிக்க முடியும். பேதியை நிறுத்தும் லோபரமைட் மாத்திரையை இந்த நேரத்தில் தானாகப் போட்டால் நிலைமை மோசமாகலாம். டாக்டரைப் பார்க்கும்போது, கேட்காவிட்டாலும், "போன மாதம் இந்த ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன்" என்று பழைய சீட்டைக் காட்டுங்கள். பரிசோதனை அந்த ஒரு வாக்கியத்தில்தான் தொடங்கும்.